உதடு மூடும் இடத்தில் எந்த எழுத்து? இத்தாலிய டப்பிங் வசனம் எழுதப்படும் முறை

2023 பிப்ரவரியில் இத்தாலியின் டப்பிங் துறையே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 2008-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாமல் கிடந்த ஊதிய ஒப்பந்தம்தான் காரணம். குரல் கொடுப்பவர்கள், இயக்குநர்கள், உதவியாளர்களோடு இன்னொரு கூட்டமும் அதில் இருந்தது: வசனத்தை இத்தாலிய மொழியில் எழுதுகிறவர்கள். அங்கே இவர்களுக்கு 'தியலொகிஸ்தா' என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் தனியாக இருக்கும்போது இவருக்கு என்ன வேலை என்ற கேள்வி வெளியில் இருப்பவர்களுக்கு எழுவது இயல்பு.

வேலை இதுதான். படத்தின் வசனம் முதலில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கப்பட்டு வரும். சில சமயம் அதையும் இவரே செய்வார். அந்த வரிகளைத் திரையில் இருக்கும் வெளிநாட்டு நடிகரின் வாய்க்குள் பொருந்துமாறு திரும்ப எழுத வேண்டும். அப்படி எழுதியது இத்தாலியர் ஒருவர் இயல்பாகப் பேசியதுபோலவும் இருக்க வேண்டும். 1941-ஆம் ஆண்டின் இத்தாலியப் பதிப்புரிமைச் சட்டம் தழுவி எழுதுபவரையும் ஆசிரியராகவே கருதுகிறது. அவருக்கு உரிமத்தொகையில் பங்கு உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1930-இல் முசோலினி அரசு வெளிநாட்டு மொழியில் பேசும் படங்களைத் திரையிடத் தடை விதித்தது. பேசும் படங்களைப் பேச்சை நீக்கிவிட்டு, இடையிடையே எழுத்து அட்டை போட்டு ஓட்டினார்கள். ரோமில் டப்பிங் கூடங்கள் தொடங்கிய பிறகு, வெளிநாட்டுப் படங்களின் டப்பிங் இத்தாலிக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று 1933-இல் சட்டம் வந்தது. அதிலிருந்து இன்றுவரை அங்கே திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் டப்பிங்தான் வழக்கம்.

## பொருத்தம் என்றால் எதோடு எது?

லிப் சிங்க் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று தனித்தனிப் பொருத்தங்கள் இருக்கின்றன. அவற்றின் முக்கியத்துவமும் இந்த வரிசையில்தான் இறங்குகிறது.

1. நேரப் பொருத்தம். வாய் அசையத் தொடங்கும்போது குரல் தொடங்கி, வாய் நிற்கும்போது குரலும் நிற்க வேண்டும். நடுவில் நடிகர் நிறுத்தினால் வரியும் அங்கே நிற்க வேண்டும். இது தவறினால் எவ்வளவு தூரத்தில் இருக்கும் முகத்திலும் தெரியும்.

2. உடல் பொருத்தம். தலையசைப்பு, புருவம் உயர்வது, விரல் நீட்டுவது எல்லாம் அழுத்திச் சொல்லும் அசையோடு சேர்ந்தே வரும். ஆங்கில நடிகர் எந்தச் சொல்லில் தலையை அசைக்கிறாரோ, இத்தாலிய வரியின் அழுத்தமும் அதே இடத்தில் விழ வேண்டும்.

3. உதட்டுப் பொருத்தம். உதடு மூடுவது, குவிவது, தாடை திறப்பது. இது முகம் திரையை நிறைக்கும்போது மட்டும் கறாராகப் பார்க்கப்படும். நடிகர் முதுகு காட்டி நின்றாலோ, திரைக்கு வெளியே இருந்து பேசினாலோ இந்தக் கட்டுப்பாடு அடியோடு இல்லை.

எனவே நல்ல தியலொகிஸ்தா ஒரு வரியைப் பார்த்ததும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி 'இதை எப்படி மொழிபெயர்ப்பது' என்பது அல்ல, 'இப்போது கேமரா எங்கே இருக்கிறது' என்பதுதான். ஒரே வசனத்தின் பாதி க்ளோசப்பிலும் மீதி எதிராளியின் முகத்திலும் ஓடும். கட்டுப்பாடு முதல் பாதிக்குத்தான். மொழிபெயர்ப்பில் பிடிபடாத சொல், பெயர், விளக்கம் எல்லாவற்றையும் வாய் தெரியாத அந்த இரண்டாம் பாதிக்குத் தள்ளிவிடலாம்.

நேரத்தில் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒளிபரப்புத் துறையில் ஓர் அளவு இருக்கிறது. குரல் படத்தை சுமார் 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்தத் தொடங்கும். பிந்தினால் சுமார் 125 மில்லி செகண்ட் வரை கவனத்துக்கு வராது. சினிமாவில் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 42 மில்லி செகண்ட். அதாவது ஒரு பிரேம் முந்தினால் ஆபத்து, மூன்று பிரேம் பிந்தினாலும் தப்பிக்கலாம்.

## கண் எதை விடாது, எதை விட்டுவிடும்

பேச்சின் பெரும்பகுதி வாய்க்குள் நடக்கிறது. த, ந, ல, க போன்ற ஒலிகளில் நாக்குதான் வேலை செய்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணில் படுவது உதட்டொலிகள். 'இதழ் இயைந்து பிறக்கும்' என்று நம் இலக்கணம் வகுத்த ப, ம இரண்டும் முதல் வகை. மேற்பல் கீழுதட்டைத் தொடும் வ, ஃப இரண்டாம் வகை. முதல் வகையில் உதடு முழுக்க மூடுகிறது, இரண்டாவதில் பாதி மூடுகிறது.

ஆங்கிலத்தில் 'பின்' என்று குண்டூசியைச் சொன்னாலும், குப்பைத் தொட்டியைச் சொன்னாலும் உதட்டில் தெரியும் படம் ஒன்றுதான். தொண்டையில் அதிர்வு உண்டா இல்லையா என்பது கேமராவுக்குத் தெரியாது. தமிழில் இரண்டையும் ஒரே 'ப' கொண்டு எழுதுகிறோமே, டப்பிங் எழுதுபவரின் கணக்கும் அப்படித்தான். உதடு மூடும் இடத்தில் ப வகை இரண்டில் ஒன்றோ ம-வோ எது வந்தாலும் சரி. நடுத்தரமான ஷாட்டாக இருந்தால் வ, ஃப கூட ஒப்பேறும்.

இன்னும் ஒரு சலுகை இருக்கிறது. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் உதடு மூடியிருந்தால் அது பேச்சுக்காகவா, சும்மாவா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பேசாத மனிதரின் வாய் பெரும்பாலும் மூடித்தானே இருக்கிறது. ஆனால் வரியின் நடுவில் திறந்த வாய் சட்டென்று மூடித் திறந்தால் அங்கே ஓர் உதட்டொலியைக் கண் எதிர்பார்க்கும். அதே மாதிரி, மூடிய வாயிலிருந்து 'ஆ' என்று குரல் வந்தால் அதைவிடப் பெரிய பிழை கிடையாது. கீழே வரும் உதாரணத்தில் தீர்ப்பு இந்த இடத்தில்தான் மாறப்போகிறது.

## இத்தாலிய மொழி எங்கே முரண்டு பிடிக்கிறது

ஏறக்குறைய எல்லா இத்தாலியச் சொல்லும் உயிரொலியில் முடியும். ஆங்கிலமோ அடிக்கடி மெய்யில் முடியும். அதிலும் 'ஹோம்', 'டைம்', 'ஸ்டாப்' என்று உதட்டை மூடிக்கொண்டு நிற்கும். இத்தாலியக் குரலுக்கு அங்கே ஓர் உயிரொலி மிச்சம் இருக்கும்.

கடைசி உயிரை வெட்டிவிட இலக்கணம் சில இடங்களில் அனுமதிக்கிறது. போகலாம் என்று பொருள்படும் 'அந்தியாமோ'வை 'அந்தியாம்' என்று சொல்லலாம். ஆனால் அது ஓபரா மேடையின் நடை. போலீஸ்காரர் காரில் ஏறும்போது அப்படிச் சொன்னால் பாட ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றும்.

அடுத்தது நீளம். ஆங்கிலத்தில் ஓரசையில் முடிகிற சொல்லுக்கு இத்தாலியத்தில் இரண்டு மூன்று அசை வேண்டியிருக்கும். இதில் ஓரளவு உதவி இருக்கிறது: இத்தாலியர்கள் விரைவாகப் பேசுகிறவர்கள். நொடிக்கு அசைகளை எண்ணிய 2011-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் இத்தாலியத்துக்கு சுமார் 7, ஆங்கிலத்துக்கு சுமார் 6 என்று வந்தது. அதனால் அசை எண்ணிக்கை சற்றுக் கூடினாலும் காதுக்கு அவசரமாகத் தெரியாது. ஆனால் நொடிக்கு 8-ஐத் தாண்டினால் நடிகர் நடிப்பதை விட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

சில சமயம் மொழியே கை கொடுக்கும். 'ஹெல்ப் மீ' என்பதற்கு 'அயூத்தமி'. முடிவில் 'மீ'யும் 'மி'யும் ஒரே உதட்டசைவு. நடுவில் அசை கூடுதல்தான். ஆனாலும் கத்தும்போது பார்ப்பவர் பிடித்துக்கொள்வது அந்தக் கடைசி மூடலையும் இழுத்த இ-யையும்தான்.

## ஒரு வரியை எழுதிப் பார்ப்போம்

காட்சி இது. ஒரு பெண், முகம் திரையை நிறைத்திருக்கிறது, மெதுவாகச் சொல்கிறாள்: 'மேபி ஐ ஷுட் ஹாவ் டோல்ட் ஹிம்.' அவனிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ என்று பொருள். நேரம் ஒன்றரை நொடி, 36 பிரேம். ஏழு அசை. 'டோல்ட்' என்ற சொல்லில் தலை லேசாகக் குனிகிறது.

முதலில் ஒலியை அணைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும். உதட்டில் தெரிபவை இவை: தொடக்கத்தில் ஒரு மூடல் ('மே'), உடனே நடுவில் ஒரு மூடல் ('பி'), பிறகு பாதி மூடல் ('ஹாவ்'), தலைகுனிவோடு ஒரு திறப்பு ('டோல்ட்'), கடைசியில் மூடல் ('ஹிம்'). வரியில் உண்மையில் கட்டுப்பாடு உள்ள இடங்கள் இவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் எழுதுபவருக்குச் சொந்தம்.

1. நேர் மொழிபெயர்ப்பு: 'ஃபோர்ஸே அவ்ரேய் தொவூத்தோ தீர்ல்யெலோ.' இலக்கணம் குறைவில்லை, பொருளும் சரி. தனித்தனியாக எண்ணினால் பத்து அசை. ஆனால் 'பி' மூடும் இடத்தில் 'ஸே' என்று திறந்த வாய் ஒலி வருகிறது. வரியின் நடுவில் இருப்பதால் இதை மறைக்க முடியாது. 'அவ்ரேய் தொவூத்தோ' என்பது சற்று எழுத்து நடை வேறு.

2. உதட்டை மட்டும் துரத்திய வரி: 'மா ஃபோர்ஸே தொவேவோ தீர்லோ ப்ரீமா.' அதாவது, 'ஆனா முன்னாடியே சொல்லியிருக்கணுமோ.' 'மா'வில் முதல் மூடல், 'ஃபோர்'-இல் இரண்டாவதுக்கு ஒரு பாதி மூடல், 'தொவேவோ'வின் வ-வுக்கு 'ஹாவ்', கடைசி 'மா'வுக்கு 'ஹிம்'. தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. புதிதாக எழுத வருபவர் இங்கே நிறுத்திவிடுவார்.

   திரை முன் சொல்லிப் பார்த்தால் மூன்று தவறு தெரியும். 'ஹிம்' என்று அவள் உதடு மூடி, மூடியபடியே நிற்கிறது; ஆனால் 'ப்ரீமா' அதற்குப் பிறகும் 'ஆ' என்று ஒலிக்கிறது. அழுத்தம் 'ப்ரீ'யில் விழுவதால் தலைகுனிவு அதற்கு முன்னாலேயே முடிந்துபோகிறது. போதாக்குறைக்கு 'அவனிடம்' என்ற பொருள் காணாமல் போய், 'முன்னாடியே' என்ற இல்லாத பொருள் ஒன்று நுழைந்துவிட்டது.

3. நிற்கக்கூடிய வரி: 'மா ஃபோர்ஸே தொவேவோ தீர்ல்யெலோ.' தொடக்கம் இரண்டாவதில் உள்ளதுதான்; க்ளோசப்பாக இருந்தாலும் 'பி'க்குப் பாதி மூடலோடு சமாளிக்க வேண்டியிருக்கிறது. முடிவில் முதல் வரியின் சொல்லே திரும்பி வந்துவிட்டது. ஒன்பது அசை, நொடிக்கு ஆறு. மெதுவாகச் சொல்லவும் இடம் இருக்கிறது. அழுத்தம் 'தீர்'-இல் விழுகிறது, அதாவது 'டோல்ட்' இருக்கும் இடத்தில், தலைகுனிவோடு. 'ல்யெ' என்ற சிறு துண்டுக்குள் 'அவனிடம்' இருக்கிறது.

   கடைசி 'ஹிம்'முக்கு இங்கே உதட்டொலியே கிடையாது. ஆனால் 'லோ' முடிந்த கையோடு அவள் வாய் மூடுகிறது. பேசி முடித்தவர் வாயை மூடிக்கொண்டார் என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

'தொவேவோ' என்பதைத் தனியாகக் கவனிக்கலாம். 'சொல்லியிருக்க வேண்டும்' என்பதற்குப் பாடப்புத்தகம் தருவது 'அவ்ரேய் தொவூத்தோ'. வீட்டில் பேசுகிறவர்கள் 'தொவேவோ' என்றே சொல்லிவிடுவார்கள். இந்த இடத்தில் பேச்சுவழக்கு இரண்டு அசையை மிச்சம் பிடித்ததோடு உதட்டுக்கும் உதவியது. தியலொகிஸ்தாவின் காதில் பேச்சு இத்தாலியம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று துறையில் வற்புறுத்துவது இதனால்தான்.

'மா' சேர்ந்ததால் 'ஆனால்' என்ற பொருள் கூடிவிட்டதே என்று கேட்கலாம். கூடியிருக்கிறது. முந்தைய வரியோடு முரண்படும் தொனி அந்தக் காட்சிக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் மீண்டும் தேட வேண்டியதுதான்.

## உதடு பொருந்தி, உறவு பொருந்தாதபோது

'ஐ லவ் யூ' இத்தாலியத்தில் 'தி ஆமோ'. இதைவிட அழகான பொருத்தம் கிடைக்காது. இரண்டும் மூன்று அசை. 'ஐ'யில் திறக்கும் வாய்க்கு 'தி ஆ', 'லவ்' என்று உதடு நெருங்கும் இடத்தில் ம், 'யூ' என்று குவியும் இடத்தில் ஓ.

ஆனால் இத்தாலியர் 'தி ஆமோ'வைக் காதலரிடமும் துணையிடமும்தான் சொல்வார்கள். அப்பா மகளிடம் சொல்வது 'தி வோல்யோ பேனே'. ஆங்கிலம் இரண்டு உறவுக்கும் ஒரே வாக்கியத்தை வைத்திருப்பதால் சிக்கல் பிறக்கிறது.

'வோல்யோ'வின் வ சரியாக 'லவ்' மேல் உட்கார்கிறது; அதுவரை நல்லதுதான். அப்புறம் 'யூ' என்று உதடு குவிந்திருக்கும்போது குரல் 'பேனே' என்கிறது. ஒரு மூடல் அதிகம், குவிய வேண்டிய இடத்தில் உதடு விரிகிறது. 'யூ' சொல்லும்போது படம் மகளின் முகத்துக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மாறாவிட்டால் 'தி அதோரோ' என்று ஒரு வழி இருக்கிறது: முடிவில் இரண்டு ஓ, உதடு குவிந்தே இருக்கும். ஆனால் அது கொஞ்சம் கொண்டாட்டமான சொல். வாழ்நாள் முழுக்க வாய்விட்டுப் பேசாத ஒரு தகப்பன் கடைசியில் சொல்லும் வார்த்தை அதுவாக இருக்க முடியாது.

என் தீர்ப்பு தெளிவானது: அந்த இடத்தில் உதடு தவறட்டும், 'தி வோல்யோ பேனே' இருக்கட்டும். உதட்டுப் பிழையைப் பார்த்தவர் அரை நொடியில் மறந்துவிடுவார். அப்பா மகளிடம் காதலனைப்போலப் பேசினால் அந்தக் காட்சியே விழுந்துவிடும்.

## எழுதியது கூடத்துக்குப் போனபின்

வசனப் பிரதி 'அனெல்லோ' என்ற சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். அனெல்லோ என்றால் வளையம். பிலிம் காலத்தில் காட்சியைத் துண்டாக வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாகச் சுற்ற விட்டுத்தான் நடிகர் ஒத்திகை பார்ப்பார். பிலிம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தம் எங்கே, நடிகர் திரைக்கு வெளியே இருக்கிறாரா, முதுகு காட்டுகிறாரா என்பதைக் குறியீடுகளால் எழுதுபவரே காட்டிவிடுவார். மூச்சு, முனகல், சிரிப்பு எல்லாம் குறிக்கப்படும். வாய் திறந்து ஒலி வராவிட்டால் அதுவும் பிழைதான்.

வசனத்தின் நீளத்தை 'ரீகா' என்ற அலகில் எண்ணுவார்கள்: இடைவெளியும் சேர்த்து 50 எழுத்து ஒரு ரீகா. குரல் கொடுப்பவரின் ஒரு முறைவேலை மூன்று மணி நேரம். அதற்குள் எவ்வளவு ரீகா பதிவு செய்யலாம் என்பது ஊதியப் பேச்சில் வரும் கணக்கு. ரீகா கூடினால் ஒத்திகை குறையும். ஒத்திகை குறைந்தால் பொருந்தாத வரியைக் கண்டுபிடித்துத் திருத்த நேரம் இருக்காது.

கூடத்தில் உதட்டைக் கவனிப்பது உதவியாளரின் பொறுப்பு. வரி நீளம், வரி குறை, நடுவில் ஒரு மூடல் தப்பிவிட்டது என்று அவர் சொல்வார். இயக்குநர் அங்கேயே ஒரு சொல்லை மாற்றுவார்.

இங்கே ஒரு வழக்கமான தவறு நடக்கிறது. குறையும் வரியை நிரப்ப 'அல்லோரா', 'பேனே', 'சாய்' என்று ஒட்டுச்சொற்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு படம் முழுக்க எல்லாப் பாத்திரமும் அப்படியே இழுத்துப் பேசினால் அவர்களுக்குள் வித்தியாசம் அழிந்துபோகும்.

## டப்பிங்குக்கென்று பிறந்த இத்தாலியம்

ஒரே உதட்டசைவு ஆயிரம் தடவை வந்தால் ஒரே விடைதான் ஆயிரம் தடவை எழுதப்படும். ஆங்கில 'யா'வில் தாடை கீழே இறங்கும். இத்தாலியத்தில் ஆமாம் என்பது 'சீ', வாய் ஒடுங்கிவிடும். எனவே 'ஜா' என்று எழுதத் தொடங்கினார்கள். அந்தச் சொல் மொழியில் முன்பே உண்டு. 'ம், அது சரிதான்' என்று யோசித்து ஒப்புக்கொள்ளும்போது வருவது. டப்பிங் படங்களிலோ தொட்டதற்கெல்லாம் 'ஜா' வருகிறது. 'மேன்' என்று நண்பனை விளிக்கும் இடத்தில் 'அமீகோ' வருவதும் அப்படியே; 'மே'யும் 'மீ'யும் உதட்டில் ஒத்துப்போகின்றன. ஆனால் இத்தாலிய இளைஞர்கள் நண்பனை அப்படிக் கூப்பிடுவது குறைவு.

இந்த நடைக்கு மொழியியலாளர்கள் வைத்த பெயர் 'தொப்யஜ்ஜேஸே'. டப்பிங் மொழி என்று வைத்துக்கொள்ளலாம். அதை முழுக்க உதட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 'கட் இட் அவுட்' என்பதற்கு 'தாச்சி ஊன் தால்யோ' என்று வெட்டுவதையே வைத்து எழுதியது ஆங்கிலத்தின் நிழல். அதில் உதட்டுக்குப் பெரிய லாபம் இல்லை, அசை மூன்றிலிருந்து ஐந்தாகிறது. நிறுத்து என்று சொல்ல இத்தாலியத்தில் 'பாஸ்தா', 'ஸ்மேத்திலா' என்று எத்தனையோ சொல் இருக்கின்றன.

இரண்டையும் பிரித்துக் காண ஒரு வழி உண்டு. சந்தேகமான வரி வந்ததும் அந்த நொடியில் கேமரா எங்கே இருந்தது என்று பாருங்கள். முகம் திரையை நிறைத்திருந்தால் எழுதியவருக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். நடிகர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதே 'தாச்சி ஊன் தால்யோ' வந்தால் அங்கே உதட்டைச் சாக்காகச் சொல்ல முடியாது. அது அவசரத்தில், அல்லது பழக்கதோஷத்தில் எழுதிய வரி.